மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல?

இந்த வாரம் ஒலி அளவைப் பற்றிய பாடத்தைப் பள்ளி மண்டபத்தில் தொடங்குவோம். நான் அறிவியல் ஆசிரியை என்றாலும், எங்கள் பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவுக்குத் துணைப் பொறுப்பாசிரியையாகவும் இருக்கிறேன். பரிசளிப்பு விழாவுக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் 94ஆம் சிம்பொனியிலிருந்து ஒரு சிறு பகுதியை மாணவர்கள் எடுத்துப் பழகினார்கள். கேட்பவர்களைத் திடுக்கிட வைப்பதற்கென்றே எழுதப்பட்ட பகுதி அது. மெல்லப் போய்க்கொண்டிருக்கும் பாட்டின் நடுவே, எதிர்பாராத ஓர் இடத்தில், வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஓர் அடி அடிக்கும்.

ஒத்திகை நாளன்று மண்டபத்தில் ஏறக்குறைய முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடி விழுந்தது. பெரிய முரசும் டிரம்பெட்டும் முழு மூச்சாக ஒலித்தன. ஆனால் ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவன் கொட்டாவி விட்டான். முரசு அடித்த மாணவன் என்னிடம் வந்து, "டீச்சர், இன்னும் பலமா அடிக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் விடை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை.

ஹைடன் என்ன எழுதினார்?

ஹைடன் இந்தச் சிம்பொனியை 1791இல் எழுதினார். 1792 மார்ச் 23ஆம் நாள் லண்டனில் அது முதன்முதலாக அரங்கேறியது. நாங்கள் எடுத்துக்கொண்டது அதன் இரண்டாம் பகுதியின் தொடக்கம். மெட்டு மிக எளிமையானது, சிறுபிள்ளைகள் பாடக்கூடியது. இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். மெட்டின் நீளம் எட்டுக் கட்டங்கள்.

முதல் எட்டுக் கட்டங்களைத் தந்தி வாத்தியங்கள் மெல்ல வாசிக்கின்றன. அதே எட்டுக் கட்டங்கள் மறுபடியும் வருகின்றன, ஆனால் முன்னைவிட மெல்ல. இம்முறை துணை வாசிக்கும் தந்திகளை வில்லால் இழுக்காமல் விரலால் மீட்டச் சொல்கிறார் ஹைடன். கேட்பவர் தம்மை அறியாமலே சற்று முன்னால் சாய்ந்து காது கொடுக்கிறார். பதினாறாம் கட்டத்தில் மெட்டு முடிந்து மௌனம் வரவேண்டும். அந்த இடத்தில்தான் புல்லாங்குழல், ஓபோ, பாசூன், ஹார்ன், டிரம்பெட், முரசு, தந்திகள் என்று குழுவில் உள்ள அனைத்தும் ஒன்றாக ஓர் அடி கொடுக்கின்றன. அடுத்த கணம் எதுவுமே நடக்காததுபோல் இசை மறுபடியும் மெல்லத் தொடர்கிறது.

தூங்கும் ரசிகர்களை எழுப்புவதற்காகவே ஹைடன் இப்படி எழுதினார் என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் அவருடைய வரலாற்றை எழுதியவர் இதைப் பற்றி நேரிலேயே கேட்டிருக்கிறார். அதற்கு ஹைடன் மறுப்புத் தெரிவித்து, புதுமையான ஒன்றால் மக்களை வியக்க வைக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார். அப்போது லண்டனில் போட்டிக் கச்சேரிகளை நடத்திக்கொண்டிருந்தவர் அவருடைய சொந்த மாணவர் பிளேயல். இதில் இன்னொரு செய்தியும் உண்டு: ஹைடன் முதலில் எழுதிய கைப்பிரதியில் அந்த அடி இல்லை. பிறகுதான் அதைச் சேர்த்தார். மெட்டில் ஒரு சுரத்தையும் மாற்றாமல், ஒலி அளவை மட்டும் மாற்றி அவர் அந்தப் பாட்டைப் புகழ்பெறச் செய்தார்.

தாளில் உள்ள எழுத்துகள்

ஒலி அளவை ஹைடன் எப்படித் தாளில் காட்டினார்? மேற்கத்திய இசையில் இதற்கு இத்தாலியச் சொற்களே வழக்கம். பியானோ என்றால் மெல்ல. ஃபோர்ட்டே என்றால் வலுவாக. இசைத்தாளில் சுரக்கோடுகளுக்குக் கீழே பியானோவுக்கு 'பி' என்ற ஆங்கில எழுத்தையும், ஃபோர்ட்டேவுக்கு 'எஃப்' என்ற எழுத்தையும் சாய்வாக எழுதுவார்கள். எழுத்து இரட்டித்தால் பொருளும் கூடும். இரண்டு 'பி' என்றால் பியானிசிமோ, அதாவது மிக மெல்ல. இரண்டு 'எஃப்' என்றால் ஃபோர்ட்டிசிமோ, அதாவது மிக வலுவாக. மெஸ்ஸோ என்ற சொல்லுக்குப் பாதி என்று பொருள். அது முன்னால் சேர்ந்தால் ஓரளவு மெல்ல, ஓரளவு வலுவாக என்ற இடைப்பட்ட நிலைகள் கிடைக்கும்.

இவை நிலையான அளவுகளைக் காட்டும் குறிகள். அளவு நகர்வதைக் காட்டவும் குறிகள் உண்டு. கிரெஷெண்டோ என்றால் படிப்படியாக வளர்தல். டிமினுவெண்டோ என்றால் படிப்படியாகத் தேய்தல். இவற்றைச் சொல்லாகவும் எழுதலாம், ஒரு முனை ஒடுங்கி மறுமுனை விரிந்த இரண்டு கோடுகளாகவும் வரையலாம். இடப்பக்கம் ஒடுங்கி வலப்பக்கம் விரிந்தால் வளர்ச்சி, விரிந்து ஒடுங்கினால் தேய்வு. கொண்டை ஊசி போல இருப்பதால் எங்கள் மாணவர்கள் அதைக் கொண்டை ஊசி என்றே அழைக்கிறார்கள்.

பியானோ என்பது வாத்தியத்தின் பெயர்தானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாத்தியத்தின் பெயரே இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டும். விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி அளவு ஏறக்குறைய ஒன்றுதான். 1700ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் முள்ளுக்குப் பதிலாகத் தந்தியைச் சுத்தியால் தட்டும் பொறியைச் செய்தார். விசையை வேகமாக அழுத்தினால் சுத்தியும் வேகமாகப் பாயும், ஒலியும் வலுக்கும். மெல்லவும் வலுவாகவும் ஒலிக்கும் விசை வாத்தியம் என்று அதைக் குறிப்பிட்டார்கள். காலப்போக்கில் அந்த நீண்ட பெயர் சுருங்கிப் பியானோ ஆயிற்று.

ஹைடனின் தாளில் முதல் எட்டுக் கட்டங்களுக்குப் பியானோ, அடுத்த எட்டுக்குப் பியானிசிமோ, அந்த ஓர் அடிக்கு ஃபோர்ட்டிசிமோ என்றிருக்கிறது. எங்கள் மாணவர்களின் தாளிலும் அதே குறிகள்தாம் இருந்தன. அப்படியானால் தவறு எங்கே?

அளந்து பார்த்தோம்

என் கைப்பேசியில் ஒலி அளவைக் காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. கைப்பேசியை மூன்றாம் வரிசை நாற்காலி ஒன்றில் வைத்துவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். முதல் எட்டுக் கட்டங்களில் செயலி ஏறக்குறைய 76 டெசிபல் காட்டியது. மிக மெல்ல வாசிக்க வேண்டிய அடுத்த எட்டில் 74. அடி விழுந்தபோது 83.

கைப்பேசி ஆய்வுக்கூடக் கருவி அல்ல. அது காட்டும் எண் சில டெசிபல் முன்பின்னாக இருக்கக்கூடும். ஆனால் அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்து அளந்தால், இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஓரளவு நம்பலாம். இங்கே நமக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான்.

டெசிபல் அளவுகோல் கூட்டிக்கொண்டே போகும் அளவுகோல் அல்ல, பெருக்கிக்கொண்டே போகும் அளவுகோல். ஒலியின் ஆற்றல் இரு மடங்கானால் டெசிபல் 3 கூடும். பத்து மடங்கானால் 10 கூடும். ஆனால் நம் செவி அவ்வளவு தாராளமாகக் கணக்கிடுவதில்லை. 10 டெசிபல் கூடினால்தான் பெரும்பாலோர் காதுக்கு ஒலி இரு மடங்கானதாகத் தோன்றும்.

இப்போது எங்கள் எண்களைப் பாருங்கள். 74இலிருந்து 83 என்றால் 9 டெசிபல் வேறுபாடு. கேட்பவருக்கு ஒலி இரு மடங்குகூட ஆகவில்லை. மிக மெல்ல என்பதற்கும் மிக வலுவாக என்பதற்கும் இடையில் இருந்த இடைவெளி அவ்வளவுதான். பியானோவுக்கும் பியானிசிமோவுக்கும் இடையிலோ வெறும் 2 டெசிபல். அதைக் கேட்பவர் கவனித்திருக்கவே மாட்டார். தாளில் மூன்று வெவ்வேறு குறிகள் இருந்தும், மண்டபத்தில் ஒலித்தது ஏறக்குறைய ஒரே அளவுதான்.

அடியை இன்னும் பலமாக்கலாமா? முரசும் டிரம்பெட்டும் ஏற்கெனவே முழு வலுவில் ஒலித்தன. அதற்கு மேல் ஊதினால் டிரம்பெட் கிழிந்த குரலில் கத்தும், சுருதியும் விலகும். ஆட்களைக் கூட்டலாம் என்றால், வாசிப்பவர் எண்ணிக்கையை இரு மடங்காக்கினாலும் 3 டெசிபல்தான் கிடைக்கும். இன்னொரு முழுக் குழுவுக்கு நான் எங்கே போவேன்? மேலே போக இடமில்லை. கீழேதான் இடம் இருந்தது.

பியானோ, ஃபோர்ட்டே ஆகியவை இத்தனை டெசிபல் என்று எந்தப் புத்தகமும் வரையறுக்காததற்கான காரணமும் இதுதான். சிறு அறையில் ஒற்றைக் கிளாரினெட்டின் ஃபோர்ட்டே, பெரிய மண்டபத்தில் நாற்பது பேர் கொண்ட குழுவின் பியானோவைவிடக் குறைவாக ஒலிக்கலாம். இந்தக் குறிகள் ஒன்றுக்கொன்று உள்ள உறவைத்தான் சொல்கின்றன. மெல்ல என்பதை நீங்கள் எங்கே வைக்கிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் வலு என்பதற்கு இடம் கிடைக்கிறது. நான் முரசு அடித்த மாணவனிடம், "நீ அடிச்சது சரிதான்பா. அதுக்கு முன்னால வந்ததுதான் சத்தம்," என்று சொன்னேன்.

மெல்ல வாசிப்பதுதான் கடினம்

எங்கள் குழுவில் மெட்டை நான்கு கிளாரினெட்டும் ஒரு புல்லாங்குழலும் வாசித்தன. பியானோ பகுதியை 76இலிருந்து 66க்கு இறக்குவது என்று முடிவு செய்தோம். கேட்பவர் காதுக்கு அது பாதி ஒலி. முதலில் கிளாரினெட்டை நான்கிலிருந்து இரண்டாக்கினோம். ஆட்கள் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். மீதி 7 டெசிபலை வாசிப்பவர்கள் தங்கள் மூச்சினால்தான் குறைக்க வேண்டும்.

முதல் முயற்சியில் படிவம் மூன்று மாணவி ஒருத்தியின் கிளாரினெட் பாதியிலேயே நின்றுவிட்டது. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் நாணலால் செய்த மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. மூச்சின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது அதிரத் தொடங்கும். அதற்குக் கீழே போனால் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். ஆகவே மெல்ல வாசிப்பது என்றால் மூச்சை விட்டுவிடுவது அல்ல. அந்த எல்லைக்குச் சற்றே மேலே, நடுங்காமல், முழு எட்டுக் கட்டங்களுக்கும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். வயிற்றுத் தசை இதற்கு ஃபோர்ட்டேவைவிட அதிகமாக உழைக்கும். "மெல்ல வாசிச்சா வயிறு வலிக்குது டீச்சர்," என்றாள் அவள். சரியான வழியில் போகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அடுத்து வந்தது சுருதிச் சிக்கல். புல்லாங்குழலில் மூச்சு குறைந்தால் சுருதி இறங்கும். கிளாரினெட்டில் நேர்மாறாக, மெல்ல வாசிக்கும்போது சுருதி சற்று ஏறும். பயந்துபோய் வாய்ப்பகுதியைக் கடித்துப் பிடித்தால் இன்னும் ஏறும். இரண்டும் ஒரே சுரத்தை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். புல்லாங்குழல் 440 ஹெர்ட்ஸிலிருந்து 437க்கு இறங்குகிறது, கிளாரினெட் 442க்கு ஏறுகிறது. இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் போவதால் ஒலி விம்மி விம்மிக் கேட்கும். ஒரு நொடிக்கு எத்தனை விம்மல் என்பது இரண்டு அதிர்வெண்களின் வேறுபாடு, அதாவது 5. நீண்ட சுரம் ஒன்றில் 'வா-வா-வா' என்று ஒலி அலைந்தால் இதுதான் காரணம் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

இதற்குத் தீர்வு இருவருக்கும் வேறுவேறு. புல்லாங்குழல் வாசிப்பவர் உதட்டுத் துளையைச் சிறிதாக்கி, காற்றின் அளவைக் குறைத்தாலும் அதன் வேகத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளாரினெட் வாசிப்பவர் தாடையைத் தளர்த்திக் கடிப்பதை நிறுத்த வேண்டும். இருவரும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, விம்மல் மெதுவாகி நிற்கும்வரை ஒருவரையொருவர் கேட்டுப் பழகினார்கள். ஒரு வாரம் அதற்கே போயிற்று.

பியானிசிமோவுக்கு ஒரே ஒரு கிளாரினெட்டையும் புல்லாங்குழலையும் மட்டும் வைத்துக்கொண்டோம். கைப்பேசி 59 காட்டியது. ஆனால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டபோது மெட்டு தெளிவாகக் கேட்கவில்லை. யாரும் வாசிக்காதபோது அளந்து பார்த்தேன். மண்டபத்து மின்விசிறிகளே 57 டெசிபல்! எவ்வளவு மெல்ல வாசிக்கலாம் என்பதை வாசிப்பவர் மட்டும் முடிவு செய்ய முடியாது, இடமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. மேடைக்கு அருகிலிருந்த மின்விசிறிகளை அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்தினோம். மண்டபத்தின் இரைச்சல் 50க்கு இறங்கியது. மெட்டு நூல் போல மெலிதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது.

ஒலியைக் குறைத்தால் பியானோ ஆகுமா?

இங்கே உங்களில் ஒருவர் கேட்கலாம்: வாசிப்பவர் ஏன் இவ்வளவு துன்பப்பட வேண்டும்? வழக்கம்போல் வாசித்து, ஒலிபெருக்கியில் அளவைக் குறைத்துவிட்டால் போதாதா? எங்கள் மாணவர்களும் இதைக் கேட்டார்கள். சோதித்துப் பார்த்தோம். டிரம்பெட் வாசிக்கும் மாணவனை ஒரு சுரத்தை ஃபோர்ட்டேயாகவும், அதே சுரத்தைப் பியானோவாகவும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். பிறகு ஃபோர்ட்டே பதிவின் அளவைக் குறைத்து, இரண்டும் காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும்படி செய்து மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன். எது எது என்று கண்ணை மூடிக்கொண்டே எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்.

காரணம் இதுதான். ஒரு வாத்தியம் ஒரு சுரத்தை ஒலிக்கும்போது அடிப்படை அதிர்வெண் மட்டும் வருவதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் கூடவே வருகின்றன. டிரம்பெட்டில் மெல்ல ஊதும்போது இந்த உயர்ந்த அதிர்வெண்கள் குறைவு, அதனால் ஒலி உருண்டையாக, மங்கலாக இருக்கிறது. வலுவாக ஊதும்போது அவை மிகுதியாகச் சேர்ந்து ஒலி பளபளக்கிறது. அளவைக் குறைக்கும் குமிழ் எல்லா அதிர்வெண்களையும் ஒன்றாகக் குறைக்குமே தவிர, இந்தக் கலவையை மாற்றாது. ஆகவே குறைத்த ஃபோர்ட்டே, தூரத்தில் யாரோ பலமாக ஊதுவது போலத்தான் கேட்கும். பியானோ என்பது அருகில் இருப்பவர் தாழ்ந்த குரலில் பேசுவது. கேட்பவருக்கு இரண்டும் ஒரே உணர்வைத் தருவதில்லை.

எழுதாத கிரெஷெண்டோ

இரண்டாம் வார இறுதியில் மறுபடியும் அளந்தோம். பியானோ 66, பியானிசிமோ 59, அடி அதே 83. மிக மெல்லவுக்கும் அடிக்கும் இடையில் 24 டெசிபல். காதுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அப்படியும் திடுக்கிடல் முழுமையாக வரவில்லை. பதிவை நிதானமாகக் கேட்டபோது காரணம் புரிந்தது. பதினான்காம் கட்டத்திலிருந்து மெட்டு வளர்ந்துகொண்டே போனது. 59, 62, 66 என்று ஏறி, அதன் பிறகுதான் அடி விழுந்தது. அடி வரப்போகிறது என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும், ஆகவே தங்களை அறியாமலே முன்கூட்டி வலுத்தார்கள். கேட்பவர்களுக்கும் செய்தி போய்விட்டது.

ஹைடன் அந்த இடத்தில் கிரெஷெண்டோ எழுதவில்லை. இது முக்கியம். படிப்படியாக வளரும் ஒலி, ஏதோ வருகிறது என்று கேட்பவரைத் தயார்படுத்தும். தயார்படுத்தினால் வியப்பு போய்விடும். ஆகவே கடைசிச் சுரத்தை மற்றவற்றைவிடச் சற்று மெல்ல வாசிப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்படி நினைத்தபோதுதான் ஒலி சமமாக நின்றது.

கிரெஷெண்டோ வேண்டிய இடத்தில் எங்கள் குழு இதற்கு நேரெதிரான தவற்றைச் செய்தது. பயிற்சிக்காக ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்குப் பிடித்து, மெல்லத் தொடங்கி வலுவாக முடிக்கச் சொன்னேன். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் கைப்பேசி காட்டிய எண்களைப் பலகையில் எழுதினோம்: 60, 69, 72, 73, 74, 74, 74, 74. இரண்டாம் எண்ணிக்கையிலேயே பெரும்பகுதியைச் செலவு செய்துவிட்டார்கள். கடைசி நான்கு எண்ணிக்கைக்கு வளர எதுவும் மிஞ்சவில்லை. கேட்பவருக்கு அது வளர்ச்சியாகத் தெரியவில்லை, திடீரென்று சத்தமாகி அப்படியே நின்றதாகத்தான் தெரிந்தது. கிரெஷெண்டோ என்ற சொல்லைக் கண்டதும் வலுவாக வாசி என்று பொருள் கொண்டதால் வந்த தவறு இது. அந்தச் சொல் எழுதியிருக்கும் இடத்தில் நீங்கள் இன்னும் மெல்லத்தான் இருக்கிறீர்கள். அங்கிருந்துதான் வளரத் தொடங்குகிறீர்கள்.

சமமாக வளர்வதென்றால் 60, 62, 64 என்று எண்ணிக்கைக்கு 2 டெசிபலாக ஏறி 74இல் முடிய வேண்டும். டெசிபல் பெருக்கல் அளவுகோல் என்பதை நினைவில் வையுங்கள். தொடக்க ஒலியின் ஆற்றலை ஒரு பங்கு என்று வைத்தால், 62இல் அது ஏறக்குறைய 1.6 பங்கு, 72இல் 16 பங்கு, 74இல் 25 பங்கு. முதல் படியில் அரைப் பங்குக்குச் சற்று அதிகமாகச் சேர்த்தால் போதும். கடைசிப் படியில் ஒன்பது பங்கு சேர்க்க வேண்டும். ஆகவேதான் நல்ல வாசிப்பாளர் கிரெஷெண்டோவின் முதல் பாதியில் கஞ்சராக இருப்பார், செலவை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வார்.

இந்தக் கஞ்சத்தனத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ரவேல் 1928இல் எழுதிய பொலேரோ. கால் மணி நேரம் நீளும் ஒரே கிரெஷெண்டோ அது. சிறு முரசு ஒன்று பியானிசிமோவில் தாளம் தட்டத் தொடங்க, தனிப் புல்லாங்குழல் மெட்டை எடுக்கிறது. ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் இரு மடங்குக்கு 3 டெசிபல்தானே? ரவேலுக்கு அது போதாது. மென்மையான வாத்தியங்களை முதலில் செலவழித்து, எல்லாம் சேர்ந்து முழங்கும் முழு வலுவைக் கடைசிப் பக்கங்களுக்கு ஒதுக்கி வைக்கிறார். பாவம், அந்தச் சிறு முரசுக்காரர். ஒரே தாளத்தைக் கால் மணி நேரம் தட்டவேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழைதான் வளரவேண்டும். அவர் ஐந்தாம் நிமிடத்தில் அவசரப்பட்டால் முழுக் குழுவும் அவசரப்படும்.

விழா நாளும் உங்கள் முறையும்

பரிசளிப்பு விழா அன்று மின்விசிறிகள் நின்றதும் மண்டபத்தில் மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. ஒற்றைக் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் பியானிசிமோவைத் தொடங்கியபோது அந்த முணுமுணுப்பும் அடங்கியது. பதினாறாம் கட்டம். அடி. மூன்றாம் வரிசையில் ஒரு தாயின் மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்தது. பின்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அதன் பிறகு மண்டபமே சிரித்தது. முரசு அடித்த மாணவன் மூன்று வாரங்களுக்கு முன் அடித்த அதே அளவில்தான் அன்றும் அடித்தான்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். வாத்தியம் இல்லாவிட்டால் குரல் போதும். ஒலி அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் வெறும் அறையின் இரைச்சலை அளந்து எழுதுங்கள். பிறகு 'ஆ' என்ற ஒலியை உங்களால் நடுக்கமின்றிப் பிடிக்கக்கூடிய மிக மெல்லிய அளவிலும், கத்தலாக மாறாத மிக வலுவான அளவிலும் பாடி அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்களிடம் இருக்கும் மொத்த இடம்.

அடுத்து அந்த இடத்துக்குள் எட்டு எண்ணிக்கையில் ஒரு கிரெஷெண்டோ பாடி, ஒவ்வோர் எண்ணிக்கையின் எண்ணையும் நண்பர் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டு எண்களையும் வரைதாளில் புள்ளிகளாக வைத்து இணையுங்கள். கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துவிட்டால், எங்கள் குழு செய்த அதே தவற்றை நீங்களும் செய்திருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாம் எண்ணிக்கையில் எதையும் கூட்டாமல் முதலாவதைப் போலவே பாட முயலுங்கள். உங்கள் மனம் கூட்டவில்லை என்று சொல்லும். கைப்பேசி 1 அல்லது 2 டெசிபல் கூடியிருப்பதாகக் காட்டும். உங்களுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.